இரவு ஒளியில் திருத்திய படம் அச்சில் நீலமடிப்பது

“பாளையங்கோட்டையில் கல்யாண ஆல்பம் செய்கிறேன். ராத்திரி திரையில் சரியாகத் தெரிந்த படம் அச்சில் நீலமடித்து வருகிறது. தூக்கத்துக்காகக் கணினியில் Night light வசதியைப் போட்டிருக்கிறேன். எடுத்தால் கண் கெடுமா?”

கண் கெடாது, வண்ணம் திருத்தும்போது அதை அணைத்துவிடுங்கள்.

அந்த வசதி படக்கோப்பைத் தொடுவதில்லை, திரைக்குப் போகும் நீலத்தையும் ஓரளவு பச்சையையும் மட்டுமே குறைக்கிறது. அதனால் மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டி மஞ்சளாகத் தெரிய, அதை வெளுப்பாக்க நீங்கள் நீலத்தைக் கூட்டியிருப்பீர்கள். அந்தக் கூடுதல் நீலம் கோப்பில் தங்கி அப்படியே அச்சாகிறது. மயில்கழுத்துப் பட்டின் நீலச் சாயல்களும் மங்கி ஒன்றாகிவிடுவதால், அங்கே நடக்கும் பிழை கண்ணுக்கே தெரியாது.

இரவில் திருத்திய ஒரு படத்தை, Night light-ஐ அணைத்துப் பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். கண் மஞ்சளுக்குப் பழகியிருக்கும், ஆகவே அந்த இடைவெளி அவசியம். வேட்டி நீலமாகத் தெரிந்தால் காரணம் இதுவே. ஸ்கிரீன்ஷாட்டில் இந்த மஞ்சள் பதிவாகாது என்பதால் அதை வைத்துச் சோதிக்க வேண்டாம்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பை நீல ஒளி தாமதப்படுத்துவது உண்மைதான். ஆனால் 2021-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் ஐபோனில் இதைப் போன்ற Night Shift வசதியை ஆராய்ந்தபோது, மொத்தத்தில் தூக்கம் மேம்பட்டதாகத் தெரியவில்லை. வெளிச்சத்தைக் குறைப்பதும் சீக்கிரம் முடிப்பதுமே எனக்கு மேலாகப் படுகிறது, ஆயினும் திருத்தும்போது வெளிச்சத்தை அடிக்கடி மாற்றாதீர்கள்.

அணைத்துவிட்டுத் திருத்திய படமும் அச்சில் நீலமடித்தால், மானிட்டரின் சொந்த மெனுவில் திரையை மஞ்சளாக்கும் வாசிப்பு முறை இயங்குகிறதா என்று பாருங்கள்.