ஒரு ‘உம்’ மறைத்த இடைவெளி

வணக்கம் சார்,

ஸ்லைடு தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே கதை புரிய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்தேன். ‘பின்னணி’, ‘ரத்து விவரம்’ என்று இருந்த தலைப்புகளை முழு வாக்கியங்களாக மாற்றினேன். படித்துப் பார்த்தபோது சரளமாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தில் ஆறாவது ஸ்லைடு வந்ததும் "இதை ஏன் செய்யணும்?" என்று கேட்டார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எப்படிப் படித்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்? கோப்பை இணைத்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை நீக்கி, எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன். வெளியிடலாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

கோப்பை முழுதாகப் பார்த்தேன். உங்கள் தலைப்புகளை அப்படியே கீழே தருகிறேன். வாசகர்களும் ஒருமுறை படித்துவிடட்டும்.

1. கடந்த ஓராண்டில் சந்தாவை ரத்து செய்பவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள்
2. ரத்து செய்பவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதங்களுக்குள் விலகுகிறார்கள்
3. உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளும் கூடியிருக்கின்றன
4. அழைப்பவர் சராசரியாக 9 நிமிடம் காத்திருக்கிறார்
5. மற்ற நிறுவனங்களில் இந்தக் காத்திருப்பு குறைவு
6. உதவி மையத்தில் 8 பேரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்
7. இதற்கான செலவு ஆறு மாதத்தில் திரும்பிவிடும்

சரளமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு தலைப்பும் தெளிவான வாக்கியம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செய்தி. பலரும் இந்த அளவுக்குக்கூட வருவதில்லை. ஆனால் சரளமாக இருப்பது வேறு, ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்பது வேறு. மூன்றாவது தலைப்பில் ‘அழைப்புகளும்’ என்று ஓர் ‘உம்’ போட்டிருக்கிறீர்களே, அதைப் பாருங்கள். ரத்தும் கூடியது, அழைப்பும் கூடியது என்று இரண்டையும் அது பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறது. ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று அது சொல்லவில்லை. படிப்பவர் மனம் தானாகவே அப்படி எடுத்துக்கொள்கிறது. எழுதிய உங்கள் மனம் அதை இன்னும் சுலபமாக எடுத்துக்கொண்டுவிட்டது.

அதனால் தலைப்புகளை நான் வெறுமனே அடுத்தடுத்துப் படிப்பதில்லை. இரண்டு தலைப்புகளுக்கு நடுவில் ஓர் இணைப்புச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஆகவே, ஏனென்றால், ஆனால், அதாவது ஆகிய நான்கில் ஒன்று பொருந்தினால் அங்கே ஒரு பிடிப்பு இருக்கிறது. ‘மேலும்’ அல்லது ‘அப்புறம்’ மட்டும்தான் பொருந்துகிறது என்றால் ஒரு பென்சில் கோடு போட்டுக்கொள்வேன். பட்டியல் போடும் இடத்தில் ‘மேலும்’ வரலாம், மூன்று ஆதாரங்களை வரிசையாக வைக்கும்போது வேறு சொல் வராது. ஆனால் பிரச்சினையிலிருந்து காரணத்துக்குப் போகும் இடத்திலும், காரணத்திலிருந்து பரிந்துரைக்குப் போகும் இடத்திலும் ‘மேலும்’ வந்தால் அங்கே கதை அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் தலைப்புகளில் இதைச் செய்து பார்ப்போம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ‘அதாவது’ சொல்லலாம். அதிகமாகியிருக்கிறார்கள், அதாவது புதிதாக வந்தவர்கள்தான் போகிறார்கள். சரி. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ‘ஆகவே’ நன்றாகவே பொருந்துகிறது. நான்கிலிருந்து ஐந்துக்கு ‘ஆனால்’. ஐந்திலிருந்து ஆறுக்கு ‘ஆகவே’. இரண்டிலிருந்து மூன்றுக்கு வரும்போது மட்டும் எதுவும் நிற்கவில்லை. ‘ஏனென்றால்’ என்று சொல்லிப் பாருங்கள்: புதிய சந்தாதாரர்கள் விலகுகிறார்கள், ஏனென்றால் அழைப்புகள் கூடியிருக்கின்றன. இதைச் சொன்னதுமே "அது எப்படித் தெரியும்?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? கூட்டத்தில் ஆறாவது ஸ்லைடில் எழுந்த கேள்வி இந்த இடத்தில்தான் பிறந்தது. ஆறில் நீங்கள் பணம் கேட்டீர்கள், அதனால் அங்கே வாய்விட்டுக் கேட்டுவிட்டார்கள். கேள்வி எழும் ஸ்லைடில்தான் ஓட்டை இருக்கும் என்பதில்லை. பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று ஸ்லைடு முன்னால் இருக்கும்.

இன்னொரு சோதனையும் இதையே காட்டுகிறது. தலைப்புகளைத் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்து, கோப்பைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். உங்களுடையதை நானே வேறு மாதிரி அடுக்கினேன்: 3, 4, 5, 1, 2, 6, 7. அழைப்புகள் கூடியிருக்கின்றன, காத்திருக்கிறார்கள், மற்ற இடத்தில் குறைவு, ரத்து அதிகமாகியிருக்கிறது, புதியவர்கள் விலகுகிறார்கள், ஆள் சேர்க்க வேண்டும். அந்த ‘உம்’மை மட்டும் எடுத்துவிட்டால் இந்த வரிசையும் அதே சரளத்தோடு போகிறது. உண்மையாகவே ஒன்றிலிருந்து ஒன்று பிறந்திருந்தால் இப்படி இடம் மாற்ற முடியாது. உங்களிடம் இருப்பவை இரண்டு தனிக் கதைகள், ஒன்று ரத்து பற்றியது, மற்றொன்று காத்திருப்பு பற்றியது. இரண்டையும் இணைக்கும் ஸ்லைடு இல்லை.

அந்த ஸ்லைடு உங்கள் கோப்பிலேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. பின்னிணைப்பில், 14ஆவது ஸ்லைடு. தலைப்பு ‘கூடுதல் தரவு’. மற்றதையெல்லாம் வாக்கியமாக்கிய நீங்கள் இதை விட்டுவிட்டீர்கள், எல்லோரும் பின்னிணைப்பை அப்படித்தான் விடுவார்கள். அந்த அட்டவணை சொல்வது இது: புதிதாகச் சேர்ந்தவர்கள் 2,000 பேர். முதல் மூன்று மாதத்தில் உதவி மையத்தை அழைத்தவர்கள் 500 பேர், அவர்களில் 100 பேர் விலகினார்கள். அழைக்காதவர்கள் 1,500 பேர், அவர்களில் 300 பேர் விலகினார்கள். இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவர்.

காத்திருப்புதான் ஆட்களை விரட்டுகிறது என்றால், அழைத்தவர்கள் அதிகமாக விலகியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அழைத்தவர்கள் பொதுவாகவே ஆர்வம் உள்ளவர்கள், காத்திருப்பு இல்லாவிட்டால் இன்னும் குறைவாக விலகியிருப்பார்கள் என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம்தான். அதைச் சோதிக்க அழைத்த 500 பேரையே இரண்டாகப் பிரித்து, 2 நிமிடத்துக்குள் பதில் கிடைத்தவர்களையும் 9 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அந்த ஒப்பீடு எப்படி வந்தாலும், விலகிய 400 பேரில் 300 பேர் உங்களை அழைக்கவே இல்லை என்பது மாறாது.

தலைப்பை மட்டும் படிக்கும் சோதனை எங்கே கைவிடும் என்பதையும் உங்கள் கோப்பே காட்டுகிறது. ஏழாவது தலைப்பு, ‘செலவு ஆறு மாதத்தில் திரும்பிவிடும்’, ஆறுக்கு அடுத்து அழகாகப் பொருந்துகிறது. தலைப்பு வரிசையில் அதன்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. உள்ளே போய்ப் பார்த்தால், விலகுபவர்களில் 200 பேர் தங்கிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அழைத்து விலகியவர்களே 100 பேர்தான். காத்திருந்து வெறுத்துப்போய் இணைப்பைத் துண்டித்தவர்களும் இந்த எண்ணிக்கையில் சேர்த்தி என்று உங்கள் அடிக்குறிப்பே சொல்கிறது. ஆகவே ஆட்களைச் சேர்ப்பதால் அந்த 200ஐ எட்ட வழியே இல்லை.

ஆலோசனை நிறுவனங்களில் தலைப்புக்குத் தலைப்பு பார்ப்பதை ஹரிசான்டல் லாஜிக் என்றும், தலைப்பை அதன் கீழே இருப்பது தாங்குகிறதா என்று பார்ப்பதை வெர்டிகல் லாஜிக் என்றும் சொல்வார்கள். முதலாவது முடிந்த பிறகு இரண்டாவதைத் தனியாகச் செய்யுங்கள். நான் தலைப்பைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, கீழே உள்ள படம் என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதுவேன். பிறகு காகிதத்தை எடுத்து இரண்டையும் ஒப்பிடுவேன். இரண்டு சோதனைகளையும் ஒரே மூச்சில் செய்தால் கண் படத்துக்குள் போய்விடும், வரிசை மறந்துவிடும்.

செய்முறையில் ஒரு சின்ன விஷயம். பவர்பாயின்டில் `View` பகுதியில் `Outline View` என்று இருக்கிறது. அதைத் திறந்து, வலது க்ளிக் செய்து `Collapse` என்பதில் `Collapse All` கொடுத்தால் தலைப்புகள் மட்டும் வரிசையாக நிற்கும். உங்கள் கோப்பைத் திறந்தபோது நான்காவது ஸ்லைடு அதில் காலியாக இருந்தது. தலைப்புக்கான கட்டத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து எழுதியிருக்கிறீர்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் இந்தப் பார்வையில் அந்தத் தலைப்பே வராது. `Outline View`வில் அந்த ஸ்லைடின் பக்கத்தில் நேரடியாகத் தலைப்பைத் தட்டச்சு செய்தால் சரியாகிவிடும். பழைய டெக்ஸ்ட் பாக்ஸை அழித்துவிடுங்கள். அப்புறம் அந்த வரிகளை வெறும் பக்கத்தில் ஒட்டி, ஸ்லைடுகளை மூடிவிட்டுப் படியுங்கள். முடிந்தால் விஷயம் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லி, "நான் என்ன கேட்கிறேன், ஏன் கேட்கிறேன்?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் விளக்க ஆரம்பித்துவிட்டால் சோதனை கெட்டுவிடும். அவர் ‘ஏன்’ என்பதற்குப் பதில் சொல்லும்போது எங்கே தயங்குகிறாரோ அங்கே பென்சில் கோடு.

மாதாந்தர அறிக்கை, பயிற்சிக் குறிப்பு போன்றவற்றை இதற்கு உட்படுத்த வேண்டாம். தேவையான பக்கத்தைப் புரட்டி எடுக்கத்தான் அவை இருக்கின்றன. அங்கே ‘ரத்து விவரம்’ என்ற தலைப்பே போதும். யாரையாவது ஒரு முடிவுக்கு அழைத்துப்போகும் கோப்புக்குத்தான் இந்தப் பாடு.

உங்கள் கோப்பை இப்படித் திருத்துவேன். முதல் இரண்டு தலைப்புகள் அப்படியே இருக்கட்டும். 14ஆவது ஸ்லைடை மூன்றாவதாகக் கொண்டுவந்து, ‘உதவி மையத்தை அழைத்தவர்களும் அழைக்காதவர்களும் ஒரே விகிதத்தில் விலகுகிறார்கள்’ என்று தலைப்பு வையுங்கள். இங்கேயும் ‘உம்’ வருகிறது, ஆனால் இந்த ‘உம்’முக்குக் கீழே அட்டவணை இருக்கிறது. நான்காவது தலைப்பு, ‘அழைக்காமலே விலகிய 300 பேர் ______ காரணமாக விலகினார்கள்’. அந்தக் கோட்டில் எழுத இப்போது உங்களிடம் எதுவும் இல்லை. அதைக் கோடாகவே விட்டுவிட்டு, அந்த 300 பேர் சந்தா எடுத்த முதல் வாரத்தில் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்ற தரவைக் கேட்டு வாங்குங்கள். பரிந்துரை ஸ்லைடை அதற்குப் பிறகு எழுதலாம். 9 நிமிடக் காத்திருப்பு சரிசெய்ய வேண்டிய குறைதான், அதற்குப் பழைய 3, 4, 5ஐ வைத்துத் தனியாக ஒரு சிறிய கோப்பு போடுங்கள். அதில் ரத்து பற்றி ஒரு வரியும் வேண்டாம்.