அடுத்த ஆண்டுச் சம்பளமும் இந்த ஆண்டுச் சேமிப்பும்: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகள் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்தவை. ஆனாலும் பெரும்பாலானவை ஒரே கணக்கைத்தான் சுற்றி வருகின்றன. இன்றைய வருமானம், நாளைய வருமானம், நடுவில் கடன் கிடைக்காத நிலை. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

டீச்சர், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக் காலத்தில் இருக்கிறேன். கைக்கு மாதம் 2,000 வெள்ளி வருகிறது. அடுத்த ஆண்டு நிரந்தரமானதும் 3,000 வரும் என்று கடிதமே கொடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு காசுகூட மிச்சமில்லை. நான் ஊதாரி என்கிறார் அம்மா. உண்மையா? (பினாங்கு)

இல்லை தம்பி. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்த ஆண்டு 24,000, அடுத்த ஆண்டு 36,000, இரண்டும் சேர்த்து 60,000. எளிமைக்காக வட்டியே இல்லை என்றும், இரண்டு ஆண்டும் உங்களுக்கு ஒரே அளவு முக்கியம் என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு இறுக்கமாகவும் மறு ஆண்டு தாராளமாகவும் இருப்பதை விட இரண்டு ஆண்டும் சீராக வாழ்வதைத்தான் எவரும் விரும்புவார்கள். அப்படியானால் ஆண்டுக்கு 30,000 செலவு. அதற்கு இந்த ஆண்டு 6,000 வெள்ளி கடன் வாங்கி, அடுத்த ஆண்டு திருப்பிக் கட்ட வேண்டும்.

ஆனால் பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? அதனால் 24,000-த்தில் நிற்கிறீர்கள். உங்கள் சேமிப்பு சுழியம். உங்கள் விருப்பப்படி நடந்திருந்தால் அது சுழியத்துக்கும் கீழே, கழித்தல் 6,000 ஆக இருந்திருக்கும். ஊதாரி என்பவர் தாம் விரும்பியதைவிடக் கூடுதலாகச் செலவழித்துவிட்டு வருந்துபவர். நீங்கள் விரும்பியதைவிடக் குறைவாகச் செலவழிக்கிறீர்கள். அம்மா கையிருப்பை மட்டும் பார்க்கிறார். அந்தச் சுழியத்துக்குப் பின்னால் இருக்கும் தடை அவர் கண்ணில் படவில்லை.

பொருளியல் பாடத்தில் இரண்டு காலக் கோடு வரைகிறோம். கடன் தடை வந்தால் கோடு ஏன் ஒரு மூலையில் முறிகிறது? வருமானம் கூடினால் சேமிப்பு கூடுமா, குறையுமா? ஒவ்வொரு முறையும் குழம்பிப் போகிறேன். (செந்தூல், கல்லூரி மாணவி)

இந்தப் படத்தை நமக்குத் தந்தவர்களில் முதன்மையானவர் இர்விங் ஃபிஷர். 1930-இல் அவர் வட்டியை விளக்க எடுத்துக்கொண்ட வழி இது. கோட்டின் சமன்பாட்டை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். c என்பது செலவு, y வருமானம், r வட்டி வீதம், 1 இந்த ஆண்டு, 2 அடுத்த ஆண்டு:

```
c1 + c2/(1+r) = y1 + y2/(1+r)
```

கிடையில் இந்த ஆண்டுச் செலவு, நெடுக்கில் அடுத்த ஆண்டுச் செலவு. வருமானப் புள்ளி (24,000, 36,000) இந்தக் கோட்டின் மேல் இருக்கும். அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம் போவது சேமிப்பு, வலப்பக்கம் போவது கடன். கடன் கிடையாது என்றால் வலப்பக்கம் முழுவதும் இல்லாமல் போகிறது. கோடு அந்தப் புள்ளியிலிருந்து நேராகக் கீழே விழுகிறது. நீ கேட்ட மூலை அதுதான். கடன் வாங்க விரும்பியும் முடியாதவர் அந்த மூலையில்தான் நிற்பார்.

குழப்பத்துக்குக் காரணம், எந்த ஆண்டின் வருமானம் கூடியது என்று பார்க்காமல் கோட்டை வெளியே தள்ளிவிடுவது. கடன் தடை இல்லாதவருக்கு அதனால் செலவுத் தேர்வில் பிழை வராது. அவருக்கு மொத்த மதிப்புதான் முக்கியம். மூலையில் நிற்பவருக்கு மூலை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே முழு விடை.

மேலே சொன்ன தம்பிக்கு இந்த ஆண்டு 4,000 கூடுகிறது என்று வைத்துக்கொள். தடை இல்லாதவராக இருந்தால் பாதியை, அதாவது 2,000-ஐ இப்போது செலவழிப்பார், மறுபாதியால் கடனைக் குறைப்பார். மூலையில் நிற்பவர் 4,000-ஐயும் செலவழிப்பார், சேமிப்பு சுழியத்திலேயே இருக்கும். மாறாக அடுத்த ஆண்டு வருமானம் 4,000 கூடும் என்று தெரிந்தால், தடை இல்லாதவர் இன்றே 2,000 கூடுதலாகச் செலவழிப்பார், அவரது சேமிப்பு அந்த அளவு குறையும். மூலையில் நிற்பவரின் இன்றைய செலவு ஒரு காசும் மாறாது. மூலை நேர்மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். நாளைய நல்ல செய்தி அவர் தட்டில் சோறாக மாறுவதில்லை.

இந்த ஆண்டு 20,000 கூடினால்? இதைத்தான் தேர்வில் கேட்பார்கள். 24,000 என்பது 44,000 ஆகிறது. மொத்தம் 80,000, சீராகப் பிரித்தால் ஆண்டுக்கு 40,000. எனவே இப்போது 40,000 செலவு, 4,000 சேமிப்பு. கூடிய 20,000-த்தில் முதல் 12,000 முழுவதும் செலவாகிறது, ஏனென்றால் இந்த ஆண்டு வருமானம் அடுத்த ஆண்டின் 36,000-ஐத் தொடும்வரை அவர் மூலையில்தான் இருக்கிறார். அதற்கு மேல் வரும் 8,000-த்தில்தான் பாதி சேமிப்பாகிறது. ஒரே மனிதரின் பழக்கம் நடுவழியில் மாறியதுபோல் தோன்றும். அவர் மாறவில்லை, தடை விலகியது.

என் கணவரின் ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது. புதிய வேலை குறைந்த சம்பளத்தில்தான் கிடைக்கும். இதுவரை சேமித்ததே இல்லை, இப்போது எப்படியோ ஒதுக்க முடிகிறது. வருமானம் மாறாதபோது சேமிப்பு எங்கிருந்து வந்தது? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

மாறியது நாளைய வருமானம், அம்மா. நம் எடுத்துக்காட்டில் அடுத்த ஆண்டின் 36,000 குறைந்து 24,000 ஆனால்கூட இன்றைய செலவில் மாற்றம் இராது. அதற்கும் கீழே, 20,000-த்துக்கு இறங்கினால் மொத்தம் 44,000, ஆண்டுக்கு 22,000. அப்போது 2,000 வெள்ளி சேமிப்பு தானாகவே வருகிறது. சேமிப்பு என்பது நல்ல காலத்தின் அடையாளம் என்று நினைக்கிறோம். பல வீடுகளில் அது வரப்போகும் மழையின் அறிகுறி.

வேலை நிச்சயமில்லை என்றால் இந்தக் கணக்கு சொல்வதைவிடக் கூடுதலாகவே ஒதுக்குங்கள். நாளைய வருமானம் உறுதியாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

வங்கி மறுத்துவிட்டது. தெரிந்த ஒருவர் மாதம் 5 விழுக்காட்டில் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (ஜாலான் ஈப்போ)

வாங்காதீர்கள். ஏன் என்று எண்ணிலேயே காட்டுகிறேன்.

செலவு கூடக் கூட ஒவ்வொரு கூடுதல் வெள்ளியும் தரும் பயன் அதே விகிதத்தில் குறைகிறது என்று கொள்வோம். பாடத்தில் வழக்கமாக எடுத்துக்கொள்வதும் இதுதான். 24,000-த்தில் நிற்பவருக்கு இந்த ஆண்டின் ஒரு வெள்ளி, 36,000 செலவழிக்கப் போகும் அடுத்த ஆண்டின் ஒன்றரை வெள்ளிக்குச் சமம். 36-ஐ 24-ஆல் வகுத்தால் 1.5. அதாவது ஆண்டுக்கு 50 விழுக்காடு வட்டி வரை கடன் அவருக்குப் பயன் தருவதாகத் தோன்றும். வட்டிமுதலைகளிடம் போகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று திட்டுவதை நான் விட்டுவிட்டதற்கு இந்த எண்தான் காரணம். மூலையில் நிற்பவரின் மனக்கணக்கில் அவ்வளவு உயர்ந்த வட்டியும் நியாயமாகப் படுகிறது.

மாதம் 5 என்றால் வட்டிக்கு வட்டி சேராமலேயே ஆண்டுக்கு 60. அது 50-ஐத் தாண்டிவிட்டது. கடனே வாங்காமல் இறுக்கமாக வாழ்வதைவிட அது மோசம். உரிமம் பெற்ற வட்டித்தொழில் நிறுவனங்கள் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். அந்த 18-இல் கணக்குப் போட்டால், மேலே சொன்னவர் வாங்க விரும்புவது ஏறக்குறைய 3,250 வெள்ளி. வட்டியில்லாதபோது விரும்பிய 6,000-த்தில் பாதிக்குச் சற்றே மேல். அடுத்த ஆண்டு 3,840 கட்ட வேண்டும். அடுத்த ஆண்டின் 36,000 உறுதியாக வந்தால்தான் இதுவும் சரி.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. பேங்க் நெகாரா வட்டியைக் கால் விழுக்காடு ஏற்றினாலும் இறக்கினாலும், மூலையில் நிற்பவரின் சேமிப்பு அசையாது. அவர் மனத்தின் வட்டி 50-இல் இருக்கிறது.

2020-இல் இபிஎஃப் தொழிலாளர் பிடித்தத்தை 11 விழுக்காட்டிலிருந்து 7-க்குக் குறைத்தார்கள். கூடுதலாக வந்ததைத் தம்பி செலவழித்தான், நான் அப்படியே வங்கியில் போட்டேன். இன்றும் அதைச் சொல்லிக்காட்டிச் சண்டை. யார் செய்தது சரி? (பட்டர்வொர்த்)

இருவரும்தான். சண்டையை முடித்துக்கொள்ளுங்கள்.

இபிஎஃப் என்பது கட்டாயச் சேமிப்பு. கையில் வேறு சேமிப்பு இருப்பவருக்கு அது இடம் மாறிய பணம் மட்டுமே. பிடித்தம் கூடினால் வங்கியில் போடுவதைக் குறைப்பார், குறைந்தால் கூட்டுவார். உங்கள் சம்பளம் 6,000 என்றால் மாதம் 240 வெள்ளி ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போனது. உங்கள் தம்பி 2,000 வாங்குபவர் என்றால் அவருக்குக் கிடைத்தது 80 வெள்ளி. அவர் பிடித்தத்துக்கு முன்பே கடன் வாங்க விரும்பியவர். பிடித்தமோ அவர் விரும்பாத சேமிப்பைச் செய்ய வைத்துத் தடையை இன்னும் இறுக்கியது. அது தளர்ந்ததும் செலவானதில் வியப்பில்லை.

அப்போது விரும்பியவர்கள் எழுதிக்கொடுத்து 11 விழுக்காட்டிலேயே நீடிக்கவும் முடிந்தது. நீங்கள் அதைச் செய்யாமல் வங்கியில் போட்டதும் கிட்டத்தட்ட அதே விளைவுதான், இபிஎஃப் ஈவுத்தொகை வித்தியாசம் நீங்கலாக. 2024 மே முதல் சந்தாவில் 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது, அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்களுக்கு அது இன்னொரு சேமிப்புக் கணக்கு. தம்பிக்கு அது தடையில் திறந்த சிறு கதவு. தம்பியின் முதுமைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கவலை. ஆனால் இரண்டே ஆண்டு பார்க்கும் இந்தக் கணக்கால் அதற்கு விடை சொல்ல முடியாது.

ஜார்ஜ்டவுனில் சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இராது. நானும் கடன் தடையில் சிக்கியவனா? (ஜார்ஜ்டவுன்)

இருக்கலாம். வீட்டின் கல்லைப் பெயர்த்துக் கடையில் கொடுக்க முடியாது. சேமிப்பு சுழியம் என்பதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், வரவும் விருப்பமும் தற்செயலாகச் சமமாக இருப்பவருக்கும் சுழியம்தான். ஜனவரி முதல் மாதம் 500 வெள்ளி கூடுதலாக வரும் என்று இன்று உறுதியான கடிதம் வந்ததாக நினைத்துப் பாருங்கள். இந்த மாதமே உங்கள் செலவு சற்று உயருமானால் நீங்கள் சிக்கியவர் அல்ல. உயர்த்த ஆசை இருந்தும் வழியில்லாமல் ஜனவரிக்காகக் காத்திருப்பீர்கள் என்றால், ஆம், மூலையில் நிற்கிறீர்கள். கடன்பற்று அட்டையில் இடம் இருந்தும் பயத்தால் தொடாமல் இருப்பவருக்கும் வெளியிலிருந்து பார்த்தால் அதே நடத்தைதான். அவரைத் தடுப்பது வங்கி அல்ல என்பதை அவரே அறிவார்.