லாஜிஸ்டிக் சமன்பாடு: குளத்தில் ஆகாயத்தாமரை கணக்கில் K ஏன் 2000 வருகிறது?

கேள்வி: வேளச்சேரி டியூஷனில் கொடுத்த கணக்கு. ஒரு குளத்தில் ஆகாயத்தாமரை மூடிய பரப்பு P சென்ட், t நாளில். dP/dt = 0.06P − 0.0005P², P(0) = 10. தாங்குதிறன் எவ்வளவு, எப்போது மிக வேகமாகப் பரவும், 108 சென்ட் ஆக எத்தனை நாள்? எனக்கு K = 2000 வருகிறது, விடைத்தாளில் 120. எங்கே தப்பு?

பதில்: 1/0.0005 என்று போட்டிருப்பீர்கள், அதனால்தான் 2000. rP(1 − P/K) என்பதை விரித்தால் rP − (r/K)P² வரும். அதாவது P²-இன் கெழு 1/K அல்ல, r/K. r = 0.06 என்பதால் K = 0.06/0.0005 = 120.

கெழுக்களை ஒப்பிடவே வேண்டாம் என்பது என் கட்சி. வளர்ச்சி நிற்கும் இடம்தான் தாங்குதிறன். எனவே வலப்பக்கத்தைச் சுழி ஆக்குங்கள்: 0.06P = 0.0005P², P = 0 அல்லது 120. சமன்பாட்டை எந்த உருவத்தில் கொடுத்தாலும் இந்த வழி ஏமாற்றாது.

வேகமாகப் பரவும் இடத்துக்கும் சமன்பாட்டைத் தீர்க்கத் தேவையில்லை. வலப்பக்கம் P-இல் ஓர் இருபடிக் கோவை, கவிழ்த்த பரவளையம். அதன் உச்சி 0-க்கும் 120-க்கும் நடுவில், P = 60-இல். அங்கே வேகம் 3.6 − 1.8 = 1.8 சென்ட்/நாள். 50-இலும் 70-இலும் போட்டுப் பாருங்கள், இரண்டிலும் 1.75 வரும். பலர் இங்கே t-ஐ வைத்து வகையிட்டு, dP/dt = 0 என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். நமக்கு வேண்டியது P-இன் பெருமம் அல்ல, dP/dt-இன் பெருமம்.

இனி நாள் கணக்கு. மாறிகளைப் பிரித்து, பகுதி பின்னமாக்கினால்:

```
(1/P + 1/(120 − P)) dP = 0.06 dt
ln P − ln(120 − P) = 0.06 t + c
P/(120 − P) = (10/110) e^(0.06 t)
```

இரண்டாம் வரியில் உள்ள கழித்தல் குறியைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். தவறவிட்டால் P(120 − P) = 1100 e^(0.06t) என்று வரும். இடப்பக்கம் 3600-ஐத் தாண்டவே முடியாது. வலப்பக்கமோ 20 நாளுக்குள் அதைத் தாண்டிவிடும். அப்படி வந்தால் குறி போயிற்று என்று அர்த்தம்.

மூன்றாம் வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். P = ... என்று மாற்றி எழுதுவது இங்கே வீண் வேலை. மூடிய பரப்புக்கும் மூடாத பரப்புக்கும் உள்ள விகிதம் வெறும் அடுக்குக்குறி வளர்ச்சியில் போகிறது, அவ்வளவுதான். தொடக்கத்தில் அந்த விகிதம் 1/11. பாதிக் குளம் மூடும்போது 1. எனவே e^(0.06t) = 11, t = ln 11/0.06 ≈ 40 நாள். 108 சென்ட்டில் விகிதம் 108/12 = 9. எனவே e^(0.06t) = 99, t = ln 99/0.06 ≈ 76.6 நாள்.

சரிபார்க்க ஒரு வழி: K-ஐ மறந்து 10e^(0.06t) = 108 என்று போட்டால் 39.7 நாள் வரும். உண்மை விடை எப்போதும் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ பிசகு.

தேர்வில் எண்ணை மாற்றிக் கேட்டால் இரண்டு இடத்தில் கவனம். P(0) = 80 என்றால் பாதியைத் தொடும் நேரம் எதிர்க்குறியில் வரும்; அப்போது வேகம் t = 0-இலேயே அதிகம், பிறகு குறைந்துகொண்டே போகும். இலக்கு 120 என்றால் விகிதத்தின் பகுதி சுழியாகிவிடும்; எத்தனை நாள் காத்திருந்தாலும் வளைகோடு அதை நெருங்குமே தவிர தொடாது. 'ஆரம்பத்தில் நாளுக்கு 5.5% பரவுகிறது' என்று கொடுத்தால் r = 0.055 என்று எழுதிவிடாதீர்கள். அது r(1 − 10/120), ஆகவே r = 0.06.

அந்த 1.8-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குளத்தைச் சுத்தம் செய்ய ஆள் விட்டால் தேவைப்படும் எண் அதுதான். நாளுக்கு 1.8 சென்ட்டுக்கு மேல் அகற்றினால், எந்த நிலையில் தொடங்கினாலும் செடி சுருங்கும். 1.5 சென்ட் மட்டும் அகற்றினால் 0.06P − 0.0005P² = 1.5 என்பதன் தீர்வுகள் சுமார் 35.5, 84.5. செடி 35.5 சென்ட்டைத் தாண்டுவதற்குள் வேலையைத் தொடங்கினால் குளம் முழுக்கத் தெளியும். தாண்டிய பிறகு தொடங்கினால், தினமும் அதே வேலையைச் செய்தாலும் செடி 84.5 சென்ட்டில் போய் நிற்கும். அகற்றாமல் விட்டால் 35.5 சென்ட்டைத் தொடும் நாள் எது என்பதை அதே விகித வரியில் போட்டுப் பாருங்கள்: 25-ஆம் நாள் வாக்கில் வரும்.