பிப்ரவரி தேதி எந்த நிதியாண்டு, எந்த குவார்ட்டர்?

கேள்வி: எங்க வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிக்குது. எக்செல் ஷீட்ல 15-02-2024ஐ 2024 முதல் குவார்ட்டர்னு காட்டுது, எப்படி சரி பண்றது?

பதில்: அந்த தேதி 2023-24 நிதியாண்டோட நாலாவது குவார்ட்டர். ஏப்ரல்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தேதில இருக்கற வருஷம்தான் நிதியாண்டு ஆரம்பிக்கற வருஷம், அதனால அங்க தகராறே வராது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மட்டும் முந்தின வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிச்ச கணக்கோட வால், அதுக்கு வருஷத்துல ஒண்ணு கழிக்கணும். எக்செல்ல இத்தனை ஃபார்முலா இருந்தும் இதுக்குன்னு ஒண்ணு இன்னும் குடுக்கல, அந்த எரிச்சல் எனக்கு ரொம்ப நாளா உண்டு. இப்போதைக்கு தேதிய மூணு மாசம் பின்னாடி தள்ளிட்டு சாதாரண காலண்டர் கணக்கு போட்டா போதும். தேதி A2ல இருந்தா, முதல் வரி நிதியாண்டு, ரெண்டாவது வரி குவார்ட்டர்:

```
=YEAR(EDATE(A2,-3))&"-"&RIGHT(YEAR(EDATE(A2,-3))+1,2)
=ROUNDUP(MONTH(EDATE(A2,-3))/3,0)
```

உங்க தேதி மூணு மாசம் பின்னாடி போனா 15-11-2023, அதாவது வருஷம் 2023, நவம்பர்ங்கறதால நாலாவது குவார்ட்டர், அவ்ளோதான்.

மூணு மாசம்னா 90 நாள்தானேன்னு சில பேர் `A2-90` போட்டுடறாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. 31-03-2024ல 90 நாள் கழிச்சா 01-01-2024ல போய் நிக்கும், ஏன்னா அது லீப் வருஷம், வருஷக் கடைசி நாள் பில் அப்படியே 2024-25க்கு தாவிடும். 2023 மார்ச் 31க்கு அதே கணக்கு 31-12-2022னு சரியா வரும், அதனால ஒரு வருஷம் டெஸ்ட் பண்ணி பார்த்தவங்களுக்கு தப்பே தெரியாது. லீப் இல்லாத வருஷத்துலயும் தப்பிக்க முடியாது, 30-06-2023ல 90 போனா 01-04-2023, முதல் குவார்ட்டர் பில் ரெண்டாவதுல உக்காந்துக்கும்.

இந்த ரெண்டு வரிய மேக்ரோக்குள்ள வச்சு பாஸ்வேர்ட் பூட்டி வருஷா வருஷம் காசு கேக்கறவங்க இருக்காங்க. உள்ள 90 இருக்கா, EDATE இருக்கானு உங்களால பாக்கவே முடியாது, அதனால பூட்டின ஷீட்ட வாங்காதீங்க. வேற வழி இல்லாம வாங்கினா மார்ச் 31, ஏப்ரல் 1, ஜூன் 30 மூணையும் போட்டு பாருங்க, லீப் வருஷ மார்ச் 31 கண்டிப்பா இருக்கட்டும்.

இன்னொண்ணு, வேற சாஃப்ட்வேர்ல இருந்து எடுத்த ஷீட்ல 03/04/2024னு இருந்தா அது ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆன்னு ஃபார்முலாக்கு தெரியாது. ஏப்ரல் 3னா 2024-25 முதல் குவார்ட்டர், மார்ச் 4னா 2023-24 நாலாவது, ஒரே பில் ரெண்டு வருஷத்துக்கு நடுவுல ஆடும். மாசத்த எழுத்துல காட்டற மாதிரி செல் ஃபார்மேட்ட `dd-mmm-yyyy`னு மாத்தி ஒரிஜினல் பில்லோட ஒத்து பாருங்க. மாத்தியும் அசையாம அப்படியே நின்னா அது தேதியே இல்ல, டெக்ஸ்ட். முதல்ல அத தேதியா மாத்திட்டு அப்புறம் ஃபார்முலா போடுங்க.