மூன்று நிமிடப் பேச்சில் கதை எங்கே திரும்ப வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘தண்ணீர்’ என்ற தலைப்பில் தன் பாட்டியைப் பற்றிப் பேசுகிறாள். முக்கியமான இடம் வருவதற்குள் இறுதி மணி அடித்துவிடுகிறது. எதைக் குறைப்பது? (ஒரு தாய், பென்னாகரம்)

நீங்கள் அனுப்பிய எழுத்துப்படியைக் கடிகாரம் வைத்து உரக்கப் படித்தேன். அவை வணக்கத்துக்கும் ஒகேனக்கல் அருவியின் வருணனைக்கும் மட்டும் 55 விநாடிகள் போகின்றன. பாட்டி வாய்விட்டுச் சிரிக்கமாட்டார், சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார் என்ற செய்தி அதற்குப் பிறகே வருகிறது. கதை தொடங்குவது அந்த முந்தானையில்தான். ஆகவே வணக்கத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு, “என் பாட்டியின் பற்களை நான் பத்து வயது வரை பார்த்ததே இல்லை” என்று உள்ளே நுழையச் சொல்லுங்கள்.

அடுத்த ஒரு நிமிடத்துக்கு, அது வெட்கம் என்றே பேத்தி நம்ப வேண்டும். உங்கள் மகள் இந்தத் தவறான நம்பிக்கையை ஓர் அரை வரியில் கடந்துவிடுகிறாள். என் கருத்தில் பேச்சின் பெரிய குறை அதுவே. அவையோர் முதலில் ஒன்றை நம்பியிருந்தால்தான் பிறகு அது மாறும்போது அவர்களுக்குள்ளும் ஏதோ அசையும். பாட்டியைக் கேலி செய்து திட்டு வாங்கிய அந்த நிகழ்ச்சியை இங்கே வைக்கலாம்.

ஏறத்தாழ 100ஆவது விநாடியில் திருப்பம் வரட்டும். பள்ளிக்கு வந்த பல் மருத்துவர், பல் உருவாகும் சிறுவயதில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்தவர்களுக்குப் பற்களில் பழுப்புக் கறை படிந்து நிலைத்துவிடும் என்கிறார். இந்த விளக்கம் படியில் ஐந்து வாக்கியங்களாக இருக்கிறது, ஒன்று போதும். கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்ட வரலாறும் இங்கே வேண்டியதில்லை. அன்று மாலை ஒகேனக்கல் தண்ணீர்க் குழாயில் குடம் நிரப்பிக்கொண்டே பாட்டி, “உன் பல்லாவது வெள்ளையா இருக்கட்டும், கண்ணு” என்கிறாரே, அந்த வரிக்குப் பிறகு மகள் இரண்டு விநாடி பேசாமல் நிற்க வேண்டும்.

கடைசி 25 விநாடிகளில் ‘நீரைக் காப்போம்’ என்று முழங்குவது பொருந்தாது, ஏனெனில் அதைச் சொல்வதற்குப் பாட்டியின் கதை தேவையே இல்லை. “குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான், அதில் என்ன கலந்திருக்கிறது என்றும் கேட்கத் தொடங்கினேன்” என்பது அந்தப் பற்களிலிருந்தே பிறக்கும் கருத்து. நிறுத்தி, திருத்தமாகப் பேசும் மாணவருக்கு மூன்று நிமிடத்துக்கு 230 தமிழ்ச் சொற்கள் போதும் என்பதைப் பயிற்சிகளில் கண்டிருக்கிறேன். வீட்டில் 170 விநாடிக்குள் முடியும்படி பழக்குங்கள்.

கேள்வி: எங்கள் மாந்தோப்பில் ஒரு கோடையில் விலை விழுந்து, கடன் ஏறி, கடைசியில் மாமா பணம் கொடுத்து உதவியதைப் பேசினேன். “நிகழ்ச்சிகள் இருக்கின்றன, திருப்பம் இல்லை” என்றார் நடுவர். மாமா வந்தது திருப்பம் இல்லையா? (கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம்)

மாமாவின் பணத்தால் குடும்பத்தின் நிலை மாறியது. உங்கள் பார்வை மாறவில்லை. நடுவர் தேடியது இரண்டாவதை. சோதிக்க எளிய வழி உண்டு: திருப்பத்துக்கு முன்பும் பின்பும் “அப்போது நான் … என்று நினைத்தேன்” என்ற வாக்கியத்தை நிரப்பிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அங்கே திருப்பம் இல்லை. உங்கள் கடிதத்தின் இறுதியில், விலை விழுந்த அந்த வாரத்திலும் பறிப்பாளர்களின் கூலியை அப்பா முதலில் கொடுத்தார் என்றும், அதற்காக அவரோடு சண்டை போட்டதாகவும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மறு ஆண்டு ஆள் கிடைக்காத நேரத்தில் அதே பறிப்பாளர்கள் உங்கள் தோப்புக்கு முதலில் வந்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. மாமாவை விட்டுவிட்டு இதைப் பேசுங்கள்.

கேள்வி: தகடூர் மண்ணில் பேசும்போது அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதையில் திருப்பம் எடுபடுமா? (ஆசிரியர், தருமபுரி)

எடுபடும், ஆனால் பெரும்பாலோர் அதன் வரிசையைக் கெடுத்துவிடுகிறார்கள். ‘நீண்ட ஆயுள் தரும் கனி’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால், கொடுப்பது வெறும் கொடையாகிவிடுகிறது. கனியின் பயனைத் தன் மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு அவன் கொடுத்தான் என்பதல்லவா ஔவையை உருக்கியது? ஆகவே அவர் அறியும் வரை அவையோரிடமும் கனியின் பயனைச் சொல்லாதீர்கள். தெரிந்தவர்களும் ஔவையின் இடத்தில் நின்று கேட்பார்கள்.

கேள்வி: குறளோடு முடிப்பது நல்லதா? (பள்ளி மாணவி, ஊத்தங்கரை)

கதையில் வந்த ஒரு பொருளோடு அல்லது சொல்லோடு முடிப்பதையே நான் விரும்புவேன். குறள் கட்டாயம் வேண்டுமென்றால் திருப்பத்துக்கு முன்னால், நீங்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்த இடத்தில் வையுங்கள். இறுதியில் அதன் ஒரு சொல்லை மட்டும் திரும்பத் தொட்டால் போதும்.