டீம் காலில் எது கிண்டல், எது வாக்கு?

"எங்கள் டீம் கால் டிரான்ஸ்கிரிப்டைப் படித்தால், யார் நிஜமாகவே வேலையை ஏற்றுக்கொண்டார், யார் சும்மா பேசினார் என்றே தெரியவில்லை. எப்படிப் பிரிப்பது?"

சொன்ன வரியோடு நிறுத்தாமல், அடுத்து வரும் இரண்டு மூன்று வரிகளையும் பாருங்கள். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் கால் இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"சாம்பிள் எப்பங்ண்ணா வரும்?"
"இன்னைக்கு ராத்திரியே தெச்சு, நானே பிளேன்ல கொண்டுபோய்க் குடுத்தர்றனுங்க."
"துணியே இன்னும் டையிங்ல கெடக்குதுங்ண்ணா."
"வியாழக்கிழமை துணி வந்துட்டா சனிக்கிழமை குடுத்தரலாம்."
"அப்ப பையர்கிட்ட சனிக்கிழமைன்னு சொல்லிப்போடட்டுங்களா?"
"சொல்லிருங்க, நான் பாத்துக்கறன்."

ஆளும் நாளும் தெளிவாக இருப்பது இரண்டாவது வரியில்தான். ஆனால் அது கிண்டல். நடக்க முடியாத காரியம், அதை நம்பி யாரும் அடுத்த வேலையைத் திட்டமிடவும் இல்லை. நான்காவது வரி வாய்விட்டு யோசிப்பது. ஒருவர் அதைப் பிடித்து, பையரிடம் சொல்லட்டுமா என்று கேட்டு, இவர் ஒப்புக்கொண்ட கடைசி வரியில்தான் வாக்கு பிறக்கிறது. குறிப்பில் எழுதும்போது "வியாழன் துணி வந்தால்" என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள், சண்டை வருவதே அங்கேதான்.

தானாக எழுதும் மென்பொருள் பெரும்பாலும் சிரிப்பையும் இழுத்துப் பேசுவதையும் விட்டுவிடும். சந்தேகமான வரிக்கு அந்த நேரத்து ஆடியோவைக் கேளுங்கள். அப்புறம், நம்ம பக்கத்து "பாக்கலாங்க" பல நேரம் மரியாதையான மறுப்பு. அதற்குப் பிறகு யாரும் நாள் கேட்கவில்லை என்றால் வேலைப் பட்டியலில் ஏற்றாமல், அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.