கையெழுத்துப் போடாத பத்திரத்தை வைத்து வழக்குப் போடலாமா?

“கோபிசெட்டிபாளையம் பக்கம் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது, தங்கையான எனக்கு 10 லட்சம் தருவதாகப் பத்திரத்தில் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. இப்போது தர மறுக்கிறார்கள். கேட்க முடியுமா?”

முடியும். ஒப்பந்தத்தில் சேராதவர் அதை வைத்து வழக்காட முடியாது என்பதே பொது விதி. ஆனால் பெண்ணுக்குத் தொகை ஒதுக்கும் குடும்ப ஏற்பாடு அதற்கு விலக்கு. அறக்கட்டளைப் பயனாளியும் அப்படித்தான். இந்த விலக்குகளை உச்ச நீதிமன்றம் 1969-இல் சாக்கோ வழக்கில் ஏற்றது. நீங்கள் பைசா கொடுக்கவில்லையே என்ற வாதமும் எடுபடாது. 1872 ஒப்பந்தச் சட்டப்படி பிரதிபலன் வேறொருவரிடமிருந்தும் வரலாம்.

அப்புறம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி வாசகத்தைப் பாருங்கள். ‘தம்பி தென்னந்தோப்பை எடுத்துக்கொண்டு தங்கைக்குப் பணம் தர வேண்டியது’ என்று மட்டும் இருந்தால் அது வெறும் வாக்குறுதி. பொதுவாகக் கெடு முடிந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ‘அத்தொகைக்கு இத்தோப்பே பொறுப்பு’ என்றிருந்தால் 12 ஆண்டு, தோப்பை விற்றும் வசூலிக்கலாம். சாக்கோ வழக்கில் கடன் கொடுத்த வங்கி தோற்றதும் இங்கேதான்: கடனை யார் கட்டுவது என்று பத்திரம் சொன்னது, சொத்தை அதற்குப் பொறுப்பாக்கவில்லை.

‘அடுத்த மாசம் தர்றோம்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள்.